24 மின்கலங்களை எப்படி அடுக்குவது?

ஒரு மின்கலம் தருகிற மின்னோட்டம் போதாவிட்டால் பல மின்கலங்களைச் சேர்த்து இணைக்கிறார்கள். ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு கோத்துக்கொண்டே போனால் அது தொடர் இணைப்பு. எல்லா நேர்முனைகளையும் ஒரு பக்கம், எல்லா எதிர்முனைகளையும் மறுபக்கம் சேர்த்துக் கட்டினால் அது பக்க இணைப்பு. இந்த இரண்டையும் கலந்து, சில மின்கலங்களைத் தொடராகக் கோத்து ஒரு வரிசை ஆக்கி, அப்படிப்பட்ட பல வரிசைகளைப் பக்கவாட்டில் இணைப்பது கலப்பு இணைப்பு. கையில் உள்ள மின்கலங்களின் எண்ணிக்கையும், மின்னோட்டம் பாய வேண்டிய கம்பிச்சுருளின் தடையும் மாறாதவை என்றால், எந்த அமைப்பில் அந்தச் சுருளின் வழியே அதிக மின்னோட்டம் பாயும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

கணக்கின் வேர் மின்கலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜான் ஃபிரெடெரிக் டேனியல் 1836-இல் லண்டனில் உருவாக்கிய மின்கலத்தைப் பார்ப்போம். மயில்துத்தக் கரைசல் நிரம்பிய செம்புக் கலத்தின் நடுவில் சுடுமண்ணாலான ஒரு நுண்துளைப் பாத்திரம் நிற்கும். அதற்குள் நீர்த்த கந்தக அமிலமும் ஒரு துத்தநாகத் தண்டும் இருக்கும். இந்த மின்கலத்தின் மின்னியக்கு விசை சுமார் 1.08 வோல்ட். சுற்றில் பாயும் மின்னோட்டம் வெளியே உள்ள கம்பியை மட்டுமல்லாமல், மின்கலத்துக்குள் இருக்கும் கரைசல்களையும் மண்பாத்திரத்தின் சுவரையும் கடந்தாக வேண்டும். அவை காட்டும் எதிர்ப்புக்கு அகத்தடை என்று பெயர். டேனியல் மின்கலத்தில் இது கணிசமானது. தட்டுகளின் பரப்பு, அவற்றுக்கிடையே உள்ள தூரம், கரைசலின் செறிவு ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இங்கே எடுத்துக்கொள்ளும் மின்கலத்தின் அகத்தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய மின்கலங்கள் 24 இருக்கின்றன. மின்னோட்டம் பாய வேண்டிய சுருளின் தடை, அதாவது புறத்தடை, 3 ஓம்.

ஒரே ஒரு மின்கலத்தை இணைத்தால் மொத்தத் தடை 5 ஓம், மின்னோட்டம் 0.216 ஆம்பியர். இருபத்து நான்கையும் தொடராகக் கோத்தால் என்ன ஆகும்? மின்னியக்கு விசை 24 மடங்காகி 25.92 வோல்ட்டை எட்டுகிறது. ஆனால் அகத்தடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி 48 ஓம் ஆகின்றன. சுருளின் 3 ஓமையும் சேர்த்தால் 51 ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ 0.51 ஆம்பியர். இருபத்து நான்கு மடங்கு செலவுக்கு இரண்டரை மடங்குகூடப் பலன் இல்லை. சரி, எல்லாவற்றையும் பக்க இணைப்பில் கட்டினால்? அகத்தடை 24-இல் ஒரு பங்காகச் சுருங்கி 0.08 ஓம் அளவுக்கு வந்துவிடுகிறது. மின்னியக்கு விசையோ ஒரு மின்கலத்தின் 1.08 வோல்ட்டாகவே நிற்கிறது. மின்னோட்டம் 0.35 ஆம்பியர். தொடர் இணைப்பைவிட இது இன்னும் மோசம்.

இந்த இரண்டு வழிகளிலும் மேலும் மேலும் மின்கலங்களைச் சேர்த்துப் பயனில்லை. தொடர் இணைப்பில் ஒவ்வொரு மின்கலமும் 1.08 வோல்ட்டைக் கொண்டுவரும்போது கூடவே 2 ஓம் தடையையும் கொண்டுவருகிறது. ஆகவே எத்தனை ஆயிரம் மின்கலங்களைக் கோத்தாலும் மின்னோட்டம் 1.08-ஐ 2-ஆல் வகுத்த 0.54 ஆம்பியரை எட்டாது. பக்க இணைப்பில் அகத்தடை பூச்சியத்தை நெருங்கலாம், ஆனால் சுருளின் 3 ஓம் அப்படியே இருக்கும். அதனால் அங்கே உச்ச வரம்பு 0.36 ஆம்பியர். முதல் வழியில் அகத்தடை தடுக்கிறது, இரண்டாவதில் புறத்தடை தடுக்கிறது. இரண்டையும் ஒருசேர எதிர்கொள்ளக் கலப்பு இணைப்பால் மட்டுமே முடியும்.

ஒரு வரிசையில் தொடராக உள்ள மின்கலங்கள் n, அப்படிப்பட்ட வரிசைகள் m என்று கொள்வோம். ஒரு வரிசையின் மின்னியக்கு விசை nE. ஒரே அளவு விசையுள்ள வரிசைகள் பக்கவாட்டில் சேரும்போது விசை கூடுவதில்லை, எனவே முழு அடுக்கின் விசையும் nE-தான். ஒரு வரிசையின் அகத்தடை nr. அத்தகைய m வரிசைகள் பக்கவாட்டில் சேரும்போது அது nr/m ஆகக் குறைகிறது. ஆகவே மின்னோட்டம்:

I = nE / (R + nr/m)

மேலும் கீழும் m-ஆல் பெருக்கி, mn என்பது மின்கலங்களின் மொத்த எண்ணிக்கை N என்பதை நினைவில் கொண்டால், இது இன்னும் தெளிவான வடிவம் பெறுகிறது:

I = NE / (mR + nr)

மேலே இருக்கும் NE எந்த அமைப்பிலும் மாறாது. நம் மின்கலங்களுக்கு அது 25.92. எனவே கீழே உள்ள கூட்டுத்தொகையை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக மின்னோட்டம் கிடைக்கும். அந்தக் கூட்டுத்தொகையில் இரண்டு உறுப்புகள் உள்ளன: mR, nr. அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைப்பது mn × Rr, அதாவது NRr. இதுவும் மாறிலி; இங்கே 24 × 3 × 2 = 144. பெருக்குத்தொகை மாறாத இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போது மிகச் சிறியதாகும்? அவை சமமாக இருக்கும்போது. 2-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 74. 48-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 51. 16-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 25. 12-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 24. இரு எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம், அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கத்தோடு பெருக்குத்தொகையின் நான்கு மடங்கைக் கூட்டியதற்குச் சமம் என்ற பள்ளிக்கூட இயற்கணிதமே இதற்குப் போதிய நிரூபணம். பெருக்குத்தொகை மாறாதபோது, வித்தியாசம் பூச்சியமானால் கூட்டுத்தொகை அதன் சிறும அளவை அடைகிறது. நுண்கணிதம் தேவையே இல்லை.

ஆக, நிபந்தனை mR = nr. இதையே R = nr/m என்று எழுதினால் அதன் பொருள் புலப்படும். முழு அடுக்கின் அகத்தடை புறத்தடைக்குச் சமமாக இருக்கும்படி மின்கலங்களை அடுக்கினால், அவற்றிலிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம் அந்தச் சுருளில் பாயும். நம் கணக்கில் வரிசைக்கு 6 மின்கலங்கள், 4 வரிசைகள். ஒரு வரிசையின் தடை 12 ஓம், நான்கு வரிசைகள் சேர்ந்தால் 3 ஓம். விசை 6.48 வோல்ட், மொத்தத் தடை 6 ஓம், மின்னோட்டம் 1.08 ஆம்பியர். தொடர் இணைப்பில் எத்தனை மின்கலம் கோத்தாலும் தாண்ட முடியாத 0.54-க்கு இது சரியாக இரண்டு மடங்கு.

இந்த உச்ச மின்னோட்டம் மின்கலங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளர்கிறது. மின்கலங்களை நான்கு மடங்காக்கி 96 என்று எடுத்துக்கொண்டால், வரிசைக்கு 12 வீதம் 8 வரிசைகள் அமைத்து 2.16 ஆம்பியர் பெறலாம். மின்கலம் நான்கு மடங்கு, மின்னோட்டம் இரண்டு மடங்கு. விலை அதிகம்தான், ஆனால் வரம்பு என்று எதுவும் குறுக்கே நிற்பதில்லை.

இந்த விதி எழுத்தில் வடிவம் பெறும் முன்பே அதன் விளைவுகளைச் சோதனைச்சாலையில் சந்தித்தவர் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி. ஜெர்மனியில் கியோர்க் ஓம் தம் விதியை 1827-இல் வெளியிட்டுவிட்டார், ஆனால் அது பல காலம் பரவலாக ஏற்கப்படவில்லை. ஹென்றி 1831-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட நீளமான கம்பியின் மறுமுனையில் இருந்த மின்காந்தத்தைப் பெரிய தட்டுகள் கொண்ட ஒற்றை மின்கலத்தால் சரிவர இயக்க முடியவில்லை என்றும், 25 இணைத் தகடுகள் தொடராக அமைந்த அடுக்கால் நன்கு இயக்க முடிந்தது என்றும் காட்டினார். தடை குறைந்த, குட்டையான பல கம்பிகள் சுற்றிய காந்தத்துக்கோ பெரிய தட்டுகள் கொண்ட ஒற்றை மின்கலமே பொருத்தமாக இருந்தது. வெளியே தடை அதிகமானால் தொடர் இணைப்பு, குறைவானால் பக்க இணைப்பு (பெரிய தட்டு என்பது பல சிறிய தட்டுகள் பக்க இணைப்பில் சேர்ந்ததற்கு ஒப்பானது) என்று அவர் சோதனையில் கண்டதன் காரணம் மேலே உள்ள சமன்பாட்டில் இருக்கிறது. நீண்ட தந்திக் கம்பிகளுக்கு மின்கலங்களைத் தொடராகக் கோத்ததும் இதே காரணத்தால்தான்.

விதியைக் கையாள முதலில் அகத்தடை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மின்கலத்தின் முனைகளில் எதையும் இணைக்காமல், அதிகத் தடையுள்ள வோல்ட்மீட்டரால் அளக்க வேண்டும், 1.08 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். பிறகு முனைகளுக்கிடையே 4 ஓம் தடையை இணைத்து மீண்டும் அளந்தால் அளவீடு 0.72 வோல்ட்டாக இறங்குகிறது. குறைந்த 0.36 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே செலவாகிவிட்டது. 0.72 வோல்ட் 4 ஓமில் செலவாகிறது என்றால், 0.36 வோல்ட் செலவாவது அதில் பாதியான 2 ஓமில். இந்த அளவீட்டை ஒவ்வொரு மின்கலத்துக்கும் செய்துவிடுவது நல்லது. நுண்துளைப் பாத்திரம் புதிதா பழையதா, கரைசல் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே மாதிரித் தோன்றும் மின்கலங்களுக்கிடையேயும் வேறுபாடு இருக்கும்.

அடுத்ததாக, கணக்கு எப்போதும் 6, 4 என்று முழு எண்களில் முடிந்துவிடாது. புறத்தடை 3 ஓமுக்குப் பதிலாக 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், வரிசைக்கு 10.95 மின்கலங்கள் வேண்டும் என்று விடை வருகிறது. 24-ஐ மீதியின்றி வகுக்கக்கூடிய எண்களில் அதற்கு இருபுறமும் உள்ளவை 8, 12. இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். 12 மின்கலங்கள் கொண்ட இரண்டு வரிசைகளில் mR + nr = 20 + 24 = 44; 8 மின்கலங்கள் கொண்ட மூன்று வரிசைகளில் 30 + 16 = 46. முதலாவதே மேல், 0.59 ஆம்பியர். விசை ஏதும் வீணாகாதிருக்க எல்லா வரிசைகளிலும் மின்கலங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பது அவசியம். 10.95-க்கு நெருக்கமாக இருக்கிறதே என்று 11 மின்கலங்கள் கொண்ட இரண்டு வரிசைகள் அமைத்து, இரண்டு மின்கலங்களை வெளியே விட்டால் கிடைப்பது 0.566 ஆம்பியர்தான்.

இங்கே மனத்துக்கு ஆறுதல் தரும் ஓர் உண்மையும் உண்டு. உச்சிக்கு அருகே மின்னோட்டம் மெதுவாகவே மாறுகிறது. நம் 24 மின்கலங்களுக்கு, புறத்தடை 2 ஓமிலிருந்து 4 ஓம் வரை எதுவாக இருந்தாலும் 6 × 4 அமைப்பே சிறந்தது. 3 ஓம் சுருளுக்கு 8 × 3 என்று அடுக்கினாலும் 1.04 ஆம்பியர் கிடைத்துவிடும், இழப்பு 4 சதவீதமே. அகத்தடையை அளப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் பெரிய நட்டம் இல்லை.

இனி, இந்த விதியைத் தவறாகப் புரிந்துகொள்ள மிக அதிக வாய்ப்புள்ள இடத்துக்கு வருவோம். அதிகபட்ச மின்னோட்டம் என்பது சிக்கனமான மின்னோட்டம் அல்ல. அகத்தடையும் புறத்தடையும் சமமாக இருக்கும்போது, மின்கலங்கள் தரும் ஆற்றலில் சரிபாதி அவற்றுக்குள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது. நம் அடுக்கு மொத்தம் 7 வாட் தருகிறது. சுருளைச் சென்றடைவது 3.5 வாட்.

இந்த ஆற்றலுக்கு விலை துத்தநாகம். ஒரு மின்கலத்தின் வழியே 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதில் 1.22 கிராம் துத்தநாகம் கரைகிறது. 6 × 4 அமைப்பில் ஒவ்வொரு வரிசையிலும் 0.27 ஆம்பியர் பாய்வதால், 24 மின்கலங்களிலும் சேர்த்து மணிக்கு சுமார் 7.9 கிராம் கரையும். எல்லாவற்றையும் தொடராகக் கோத்தால் ஒவ்வொரு மின்கலத்திலும் 0.51 ஆம்பியர் பாயும். கரைவது மணிக்கு 14.9 கிராம். பாதி மின்னோட்டத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் செலவு. மறுபக்கம், 4 மின்கலங்கள் கொண்ட 6 வரிசைகளாக அடுக்கினால் மின்னோட்டம் 1.08-இலிருந்து 1 ஆம்பியர் அளவுக்குத்தான் குறைகிறது. துத்தநாகச் செலவோ 4.9 கிராமாக இறங்குகிறது. 8 சதவீத மின்னோட்டத்தை விட்டுக்கொடுத்து 38 சதவீதத் துத்தநாகத்தை மிச்சப்படுத்தலாம். நாள்கணக்கில் ஓட வேண்டிய சுற்று என்றால், பாடநூல் சொல்லும் உச்சியை விட்டுச் சற்றுப் பக்க இணைப்பின் பக்கம் நகர்ந்து நிற்பதே அறிவுடைமை.

1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்கலங்களால் படகு ஓட்டிக் காட்டிய மோரிட்ஸ் யாகோபியின் பெயரால் இந்தச் சமத்தடை விதி வழங்கப்படுகிறது. பின்னர் வந்த பொறியாளர்கள் பலர், மின்னாக்கிகளின் அகத்தடையும் வெளிச் சுற்றின் தடைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும், ஆகவே பாதி ஆற்றலுக்கு மேல் பயன்படுத்தவே முடியாது என்றும் அந்த விதியை நீட்டிக்கொண்டார்கள். 1870-களின் இறுதியில் எடிசனும் அவருடைய குழுவினரும் அகத்தடை மிகக் குறைந்த மின்னாக்கியை அமைத்து அந்த எண்ணத்தை உடைத்தார்கள். பிழை விதியில் இல்லை. மின்கலங்களின் எண்ணிக்கையும் அவற்றின் அகத்தடையும் புறத்தடையும் நிலையானவை என்று வைத்து, அடுக்கும் முறையை மட்டும் மாற்றும்போது எது சிறந்தது என்றே விதி சொல்கிறது. அகத்தடையையே குறைக்க முடிகிறபோது குறைப்பதுதான் எப்போதும் நல்லது.

அடுக்கை அமைக்கும்போது நேரக்கூடிய தவறுகளில் மோசமானது ஒரு மின்கலத்தை முனை மாற்றிக் கோத்துவிடுவது. மோசம் என்பதற்குக் காரணம் அது எளிதில் தெரிவதில்லை. 6 மின்கலங்களில் ஒன்று தலைகீழானால் அந்த வரிசையின் விசை நான்கு மின்கலங்களுக்குரிய 4.32 வோல்ட்டாகிவிடும். ஆனால் சுருளில் பாயும் மின்னோட்டம் 1.08-இலிருந்து 0.99 ஆம்பியருக்குத்தான் குறையும். மின்கலம் கொஞ்சம் பழசாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடத் தோன்றும். சுருளைத் துண்டித்த பிறகுதான் தீங்கு வெளிப்படுகிறது. மற்ற மூன்று வரிசைகளும் பலவீனமான வரிசைக்குள் 0.135 ஆம்பியரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே எந்த வேலையும் நடக்காமல் நல்ல வரிசைகளில் துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, வரிசைகளைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியே வோல்ட்மீட்டரால் அளந்து எல்லாம் 6.48 வோல்ட் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சேர்த்த பிறகு சோதிப்பதானால், சுருளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அம்மீட்டரை வைத்தால் முள் அசையக் கூடாது. அசைந்தால், மற்ற வரிசைகளுக்கு எதிர்த்திசையில் மின்னோட்டம் காட்டும் வரிசையில்தான் கோளாறு.

இன்றைய மின்கலங்களுக்கு இந்த விதி அப்படியே பொருந்துமா என்பதற்கு விடை, அகத்தடையின் அளவில் இருக்கிறது. லித்தியம்-அயனி மின்கலம் ஒன்றின் அகத்தடை 0.03 ஓம், விசை 3.7 வோல்ட் என்று கொண்டு அதே 3 ஓம் சுருளுக்கு 24 மின்கலங்களை அடுக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் தொடராகக் கோத்தாலும் மொத்த அகத்தடை 0.72 ஓம்தான், புறத்தடையை அது நெருங்கவே இல்லை. ஆகவே அதிகபட்ச மின்னோட்டம் தருவது முழுத் தொடர் இணைப்பு, ஏறத்தாழ 24 ஆம்பியர். ஆனால் ஒவ்வொரு மின்கலத்தின் வழியேயும் அந்த 24 ஆம்பியர் முழுதாகப் பாய வேண்டும். இந்த வகை மின்கலங்கள் பலவற்றுக்கு அது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல். சூடேறித் தீப்பற்றவும் கூடும். டேனியல் மின்கலத்தில் அகத்தடையே மின்னோட்டத்தை அடக்கி வைத்திருந்தது. இங்கே தயாரிப்பாளர் குறிப்பிடும் மின்னோட்ட வரம்புதான் அந்த வேலையைச் செய்கிறது. மின்சார வாகனங்களின் அடுக்குகளில் மின்கலங்களைப் பக்க இணைப்பில் சேர்ப்பது ஒவ்வொரு மின்கலத்தின் சுமையைக் குறைக்கவும், அடுக்கு தாங்கும் நேரத்தைக் கூட்டவும்தான். தடைகளைச் சமமாக்க அல்ல.

அகத்தடை குறைந்துவிட்டதால், வரிசைகளுக்கிடையே சுற்றும் மின்னோட்டத்தின் ஆபத்தும் கூடியிருக்கிறது. மின்னேற்றம் வேறுபட்ட இரண்டு லித்தியம் மின்கலங்களுக்கிடையே 0.2 வோல்ட் வித்தியாசம் இருந்து, அவற்றை அப்படியே பக்க இணைப்பில் சேர்த்தால், இரண்டின் 0.06 ஓம் வழியே உடனடியாக 3 ஆம்பியருக்கு மேல் பாயும். டேனியல் மின்கலங்களில் இதே வித்தியாசம் 0.05 ஆம்பியரைத்தான் உண்டாக்கும். அதனால்தான் இத்தகைய மின்கலங்களைச் சேர்ப்பவர்கள் முதலில் எல்லாவற்றையும் ஒரே வோல்ட் அளவுக்கு மின்னேற்றிக்கொண்டு, அதன் பிறகே பக்கவாட்டில் இணைக்கிறார்கள்.